சிறுநீரில் சர்க்கரை: சிறுநீரகம் சொல்வதும் சொல்லாததும்

எங்கள் நீரிழிவுப் புறநோயாளர் பிரிவில் இரண்டு கூற்றுகளை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். "சிறுநீரில் சர்க்கரை இல்லை என்று வந்துவிட்டது, ஆகவே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது" என்பது ஒன்று. "இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது, ஆனால் சிறுநீரில் மூன்று பிளஸ் என்று வந்திருக்கிறது, சிறுநீரகம் கெட்டுவிட்டதா?" என்ற அச்சம் மற்றொன்று. முதலாமவர் கவலைப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருக்கிறார். இரண்டாமவர் பெரும்பாலும் தேவையின்றி அஞ்சுகிறார். இருவரின் தவறான முடிவுக்கும் அடிப்படை ஒன்றே. சிறுநீரில் தோன்றும் சர்க்கரை இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் நேரடி அளவு அன்று. சிறுநீரகத்தால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் எஞ்சிப்போனதன் அளவே அது. இவ்வேறுபாட்டை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்க முற்படுகிறோம்.

முதலில் வடித்தல், பிறகு திரும்ப எடுத்தல்

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் கிளாமருலஸ் என்னும் நுண்ணிய இரத்தக் குழாய் முடிச்சு ஒன்று வடிகட்டியாகச் செயற்படுகிறது. இரத்த அணுக்களையும் பெரும்பாலான புரதங்களையும் அது தடுத்து நிறுத்துகிறது. நீரையும் அதில் கரைந்துள்ள உப்பு, யூரியா, குளுக்கோஸ் முதலிய சிறிய பொருள்களையும் அது தடுப்பதில்லை. உடலுக்குத் தேவையானது எது, தேவையற்றது எது என்று இவ்விடத்தில் பிரிக்கப்படுவதில்லை. சிறியவை அனைத்தும் வடிந்துவிடுகின்றன.

இவ்வாறு வடியும் நீர்மத்தின் அளவு, நலமுள்ள இளம் வயதினரிடம் நிமிடத்திற்குச் சுமார் 125 மி.லி. ஆகும். ஒரு நாளில் இது 180 லிட்டர். நாமோ நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் சிறுநீரையே கழிக்கிறோம். எஞ்சியது முழுவதும் நெஃப்ரானின் நீண்ட குழல் வழியே செல்லும்போது இரத்தத்திற்குத் திரும்பிவிடுகிறது. இதனை மீள உறிஞ்சுதல் என்கிறோம்.

மீள உறிஞ்சுதலின் பெரும்பகுதி குழலின் முதற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. கிளாமருலஸை அடுத்து அமைந்திருப்பதால் அதற்கு அண்மைச் சுருள்நுண்குழல் என்று பெயர். வடிந்த நீரிலும் உப்பிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இங்கே திரும்பப் பெறப்படுகிறது. குளுக்கோஸோ, நலமுள்ளவரிடம், கிட்டத்தட்ட முழுவதுமாக இங்கேயே மீட்கப்பட்டுவிடுகிறது. அடுத்துவரும் பகுதிகளில் குளுக்கோஸை எடுப்பதற்கான ஏற்பாடு இல்லை என்றே கொள்ளலாம். எனவே அண்மைச் சுருள்நுண்குழலைக் கடந்துசென்ற குளுக்கோஸ் சிறுநீர்ப் பையைத்தான் சென்றடையும்.

குளுக்கோஸ் எவ்வாறு திரும்புகிறது?

குளுக்கோஸ் தானாகக் குழலின் சுவரைக் கடந்துவிட முடியாது. அதனைத் தூக்கிச் செல்லக் கடத்திகள் வேண்டும். குழலின் உட்சுவரில் உள்ள செல்கள் இதற்காகச் சோடியத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அச்செல்கள், இரத்தத்தை நோக்கிய தம் பின்புறத்தில், ஓயாமல் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. இதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகிறது. இதனால் செல்லின் உள்ளே சோடியம் குறைந்துவிட, குழலில் ஓடும் நீர்மத்திலிருந்து சோடியம் உள்ளே நுழைய விரைகிறது. அவ்வாறு நுழையும் சோடியத்துடன் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே கொண்டுவருவதே கடத்தியின் பணி. செல்லுக்குள் வந்த குளுக்கோஸ், பின்புறத்திலுள்ள வேறொரு வாயில் வழியே இரத்தத்தை அடைகிறது.

இக்கடத்திகளில் இரு வகை உண்டு. குழலின் தொடக்கப் பகுதியில் இருப்பது எஸ்ஜிஎல்டி-2. மீட்கப்படும் குளுக்கோஸில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இதுவே எடுக்கிறது. அதே குழலின் கடைப்பகுதியில் இருக்கும் எஸ்ஜிஎல்டி-1, தப்பி வந்த எஞ்சிய பங்கையும் சேகரித்துவிடுகிறது. இவற்றுள் முதலாவதின் பெயரை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் வரும்.

மீட்புக்கும் ஓர் உச்ச அளவு உண்டு

நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் சுமை தூக்கும் தொழிலாளர்கள் பத்துப் பேர் இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு ஐந்து மூட்டைகள் வந்தால் அனைத்தையும் எளிதாகத் தூக்கிவிடுவார்கள். பத்து வந்தாலும் சமாளிப்பார்கள். இருபது வந்தால், பத்துப் பேரும் ஓய்வின்றி உழைத்தாலும், மிஞ்சிய மூட்டைகள் அங்கேயே கிடக்கும். குளுக்கோஸ் கடத்திகளின் நிலையும் இதுவே. அவற்றின் எண்ணிக்கைக்கும் வேகத்திற்கும் எல்லை உண்டு. அனைத்துக் கடத்திகளும் முழு வேகத்தில் உழைக்கும்போது நிமிடத்திற்கு எவ்வளவு குளுக்கோஸ் மீட்கப்படுகிறதோ அதுவே கடத்தலின் உச்ச அளவு. ஆண்களுக்கு இது நிமிடத்திற்குச் சுமார் 375 மி.கி. என்று பாடநூல்கள் குறிக்கின்றன. பெண்களுக்குச் சற்றுக் குறைவு.

இந்த ஓர் எண்ணைக் கொண்டு நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இரத்தச் சர்க்கரை 100 என்று ஆய்வகத்தார் எழுதித் தந்தால், 100 மி.லி. அளவில் 100 மி.கி. குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள்; அதாவது ஒரு மி.லி.க்கு 1 மி.கி. நிமிடத்திற்கு 125 மி.லி. வடிவதால், நிமிடத்திற்கு 125 மி.கி. குளுக்கோஸ் குழலுக்குள் வருகிறது. உச்ச அளவில் இது மூன்றில் ஒரு பங்கே ஆதலால் முழுவதும் மீட்கப்படுகிறது. ஒரு நாளில் 180 கிராம் குளுக்கோஸ் வடிந்து, ஏறத்தாழ அனைத்தும் திரும்பிவிடுகிறது என்பது வியப்புக்குரியதே.

இரத்தச் சர்க்கரை 400 ஆக உயர்ந்தால் நிமிடத்திற்கு 500 மி.கி. குளுக்கோஸ் வருகிறது. மீட்க முடிவது 375 மட்டுமே. மீதி 125 மி.கி. ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரில் சென்றுவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் இது ஏழரை கிராம். ஆறு மணி நேரம் இந்நிலை நீடித்தால் 45 கிராம். அதாவது சுமார் 180 கலோரி உணவாற்றல் உடலுக்குப் பயன்படாமல் வெளியேறுகிறது. கட்டுப்பாடற்ற நீரிழிவில் நன்றாக உண்டும் உடல் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே சிறுநீரகம் பழுதுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது தன் முழுத் திறனுடன் உழைக்கிறது; வந்த சுமையே மிகுதி.

300-இல் அன்று, 180-இலேயே

மேற்கண்ட கணக்கின்படி இரத்தச் சர்க்கரை 300-ஐத் தொடும்போதுதான் கசிவு தொடங்க வேண்டும். ஆனால் நடைமுறையில் பெரும்பாலோரிடம் 180 முதல் 200-க்குள்ளேயே சிறுநீரில் சர்க்கரை தென்படத் தொடங்குகிறது. இந்த அளவையே சிறுநீரக வரம்பு என்கிறோம். கணக்குக்கும் நடைமுறைக்கும் இடையே ஏன் இவ்வளவு இடைவெளி?

மூட்டை தூக்குவோர் பத்துப் பேரும் ஒரே வலிமை உடையவர்கள் அல்லர். லட்சக்கணக்கான நெஃப்ரான்களும் அவ்வாறே. சிலவற்றில் வடிதல் மிகுதியாகவும் கடத்திகள் குறைவாகவும் இருக்கும். அவை முதலில் திணறிக் கசியத் தொடங்கும். மற்றவை இன்னும் எளிதாகச் சமாளித்துக்கொண்டிருக்கும். மேலும், கடத்தி தன் உச்ச வேகத்தை நெருங்கும்போதே, கைக்கு எட்டாமல் சிறிதளவு குளுக்கோஸ் நழுவிச் செல்கிறது. இவ்விரு காரணங்களால் கசிவு ஒரே புள்ளியில் கதவு திறந்தாற்போல் தொடங்குவதில்லை. 180-க்கு அருகில் துளித்துளியாகத் தொடங்கி, சர்க்கரை ஏற ஏற மிகுந்து, 300-ஐக் கடந்தபின் முழு வெள்ளமாகிறது.

சர்க்கரை ஏன் நீரையும் இழுத்துச் செல்கிறது?

குழலில் நீர் தானாகத் திரும்புவதில்லை. உப்பும் குளுக்கோஸும் திரும்பும்போது அவற்றைப் பின்தொடர்ந்தே செல்கிறது. மீட்கப்படாத குளுக்கோஸ் குழலிலேயே தங்கினால், தன்னைச் சுற்றி நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்நீருடன் சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளும் வெளியேறுகின்றன. அடிக்கடி சிறுநீர் கழித்தல், இரவில் பலமுறை எழுதல், தீராத தாகம், நாவறட்சி என்னும் அறிகுறிகளின் தோற்றுவாய் இதுவே. தாகம் எடுப்பதால் நிறைய நீர் குடித்து, அதனால்தான் சிறுநீர் மிகுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். நிகழ்வது தலைகீழ்: முதலில் நீர் வெளியேறுகிறது, அதன் விளைவே தாகம். எனவே இந்நிலையில் உள்ளவருக்கு, "அடிக்கடி போகிறாய், தண்ணீரைக் குறை" என்று குடும்பத்தார் கூறுவது தீங்கு விளைவிக்கும். தாகம் தணிக்கப் பழச்சாறும் குளிர்பானமும் கொடுப்பது அதனினும் தீங்கு. குடித்த சர்க்கரை மேலும் நீரை வெளியேற்றும்.

நம் மொழியில் இந்நோய்க்கு வழங்கும் பெயரே இதனைக் கூறுகிறது. இழிதல் என்பதற்கு இறங்குதல், வழிந்தோடுதல் என்பது பொருள். நீர் இவ்வாறு வழிந்துபோகும் நோய் நீரிழிவு. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் நோயென்று அறிந்த முன்னோர் கண்டதும் வரம்பைக் கடந்த குளுக்கோஸையே.

"இல்லை" என்ற விடை மறைத்த சர்க்கரை: ஒரு நோயாளரின் கணக்கு

பல நோயாளரிடம் நாங்கள் கண்டவற்றைத் தொகுத்து அமைத்த மாதிரி இது. வயது 62, ஆண், 15 ஆண்டுகளாக நீரிழிவு. முன்பு நீல நிற பெனடிக்ட் கரைசலில் சிறுநீரை விட்டுக் காய்ச்சிப் பார்த்துப் பழகியவர். இப்போது நாள்தோறும் காலை ஆறு மணிக்கு எழுந்தவுடன் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கிறார். விடை எப்போதும் "இல்லை". ஆயினும் அவருடைய எச்பிஏ1சி 8.4 விழுக்காடு, அதாவது கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 194. பட்டை பொய் சொல்கிறதா?

அவரைக் குளுக்கோமீட்டரில் சில நாள்கள் அளந்துவரச் செய்தால் விடை தெரிகிறது. இரவு எட்டு மணிக்கு உணவு. பத்து மணிக்கு இரத்தச் சர்க்கரை 246. பத்தரைக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கிறார். இரண்டரை மணிக்கு மீண்டும் எழுகிறார். அப்போது சர்க்கரை 170. காலை ஆறு மணிக்கு 142. பட்டையில் அவர் சோதிக்கும் சிறுநீர், இரண்டரை மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே பையில் சேர்ந்தது. அந்நேரம் முழுவதும் இரத்தச் சர்க்கரை வரம்புக்குக் கீழேதான் இருந்தது. வரம்பைக் கடந்த நேரத்தின் சிறுநீரோ பத்தரைக்கும் இரண்டரைக்குமே கழிந்துவிட்டது. பட்டை பொய் சொல்லவில்லை; கேள்வி தவறான நேரத்தில் கேட்கப்பட்டது.

பின் அவரைப் படுக்கும் முன் சோதிக்கச் சொன்னால் பட்டையில் மிக வெளிறிய நிறமாற்றமே தெரிகிறது. 246 உள்ளபோது ஏன் இவ்வளவு குறைவு? முதுமையிலும் நெடுநாள் நீரிழிவிலும் சிறுநீரக வரம்பு பலருக்கு 200-ஐக் கடந்து உயர்ந்துவிடுகிறது. நெடுங்காலம் மிகுதியான குளுக்கோஸைக் கண்ட குழல், கடத்திகளைப் பெருக்கிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். இவருடைய வரம்பு 220 என்று கொண்டால், உணவுக்குப்பின் சுமார் ஒரு மணி நேரமே கசிவு இருக்கும். அதுவும் முன்னும் பின்னும் சேர்ந்த சர்க்கரையற்ற சிறுநீருடன் கலந்து நீர்த்துவிடும். 180-க்கும் 220-க்கும் இடையே கழிந்த நேரம் பட்டையில் பதிவாவதே இல்லை. ஆனால் கண், நரம்பு, சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்களைச் சிதைக்க அந்த அளவுகளே போதும்.

இரவு உணவின் அளவும் மருந்தின் அளவும் மாற்றியமைக்கப்பட்டு, மூன்று மாதங்களில் எச்பிஏ1சி 7.3 ஆகிறது என்று கொள்வோம். காலைப் பட்டை என்ன சொல்லும்? அப்போதும் "இல்லை" என்றே சொல்லும். 8.4-க்கும் 7.3-க்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இரத்தச் சர்க்கரை 60-க்கு இறங்கி, வியர்த்து நடுங்கும் ஆபத்தான நேரத்திலும் விடை "இல்லை"யே. 60-உம் 160-உம் சிறுநீருக்கு ஒன்றுதான். மாத்திரையின் அளவையோ இன்சுலினின் அளவையோ சிறுநீர்ப் பட்டையைப் பார்த்து மாற்றக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நீரிழிவு இல்லாமலே சிறுநீரில் சர்க்கரை

இனி இரண்டாமவரின் அச்சத்திற்கு வருவோம். வரம்பு தாழ்ந்திருந்தால், இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே கசிவு ஏற்படும். கருவுற்ற பெண்களிடம் இது மிகவும் காணப்படுகிறது. கர்ப்பக் காலத்தில் வடியும் நீர்மத்தின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடுகிறது; குழலின் மீட்புத் திறன் அதற்கேற்ப உயர்வதில்லை. ஆதலால் சிறுநீரில் சர்க்கரை என்ற ஒன்றைக்கொண்டே கர்ப்பக்கால நீரிழிவு என்று முடிவுகட்ட இயலாது. பட்டையில் "இல்லை" என்று வந்ததால் நீரிழிவு இல்லை என்றும் கூற முடியாது. 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பதே தெளிவு தரும். அச்சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

எஸ்ஜிஎல்டி-2 கடத்தியை உருவாக்கும் மரபணுவிலேயே குறையுடன் பிறப்போர் சிலர் உண்டு. இவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் சிறுநீரில் சர்க்கரை இருக்கும். இரத்தச் சர்க்கரையோ இயல்பாகவே இருக்கும். பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் துன்பமும் நேர்வதில்லை, சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. குழலின் மற்ற பணிகளும் சேர்ந்து குன்றும் நோய்கள் சில உண்டு. அவற்றில் பாஸ்பேட், அமினோ அமிலம் முதலியவையும் உடன் வெளியேறும். எனவே இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தும் சிறுநீரில் தொடர்ந்து சர்க்கரை காணப்பட்டால், ஒருமுறையேனும் மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கசிவையே மருந்தாக்கிய கதை

ஆப்பிள் மர வேரின் பட்டையிலிருந்து ஃபுளோரிசின் என்னும் பொருள் 1835-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது உடலில் சென்றால் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யோசஃப் ஃபான் மேரிங் 1886-இல் அறிவித்தார். அது குளுக்கோஸ் கடத்திகளைத் தடுக்கிறது என்பது பின்னாளில் புரிந்தது. அதன் வழியில் உருவானவையே இன்று பலர் உட்கொள்ளும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் முதலிய மாத்திரைகள். இவை எஸ்ஜிஎல்டி-2 கடத்தியைத் தடுத்து, சிறுநீரக வரம்பை வேண்டுமென்றே தாழ்த்துகின்றன. கடைப்பகுதியில் உள்ள எஸ்ஜிஎல்டி-1 கூடுதலாக உழைத்து ஒரு பங்கை மீட்டுவிடுவதால், வடிந்த குளுக்கோஸ் முழுவதும் வெளியேறுவதில்லை. இம்மருந்துகள் தனியாகத் தரப்படும்போது தாழ்சர்க்கரை அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காகவும் இவை தரப்படுகின்றன. அதனால் நீரிழிவு இல்லாதவரும் இவற்றை உட்கொள்ளலாம்.

இம்மாத்திரையை எடுப்பவரின் சிறுநீரில் மூன்று பிளஸ் வருவது மருந்து வேலை செய்கிறது என்பதற்கே அடையாளம். அதைக் கண்டு மாத்திரையை நிறுத்துவதும் பிற மருந்துகளைக் கூட்டுவதும் தவறு. எனினும் மூன்று செய்திகளில் விழிப்பு வேண்டும். பிறப்புறுப்பில் அரிப்பு, வெண்படிவு ஏற்பட்டால் கூச்சமின்றிக் கூற வேண்டும். சர்க்கரை கலந்த சிறுநீரில் பூஞ்சை எளிதில் வளரும். வாந்தி, வயிற்றுவலி, உணவு உட்கொள்ள இயலாமை நேர்ந்தால் அம்மாத்திரையை அன்று எடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்தச் சர்க்கரை பெரிதாக உயராமலேயே கீட்டோன் அமிலம் சேரும் ஆபத்து இம்மருந்தில் அரிதாக உண்டு. "சர்க்கரை 180தானே" என்று வீட்டிலேயே காத்திருப்பது உயிருக்கு இடராகலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டால், இம்மாத்திரை எடுப்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பொதுவாகச் சில நாள்களுக்கு முன்பே அது நிறுத்தப்படும்.

அறிக்கையைக் கையில் வாங்கும்போது

சிறுநீரில் சர்க்கரை என்ற வரியைப் படிக்கையில் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்ளுங்கள். இச்சிறுநீர் எந்த நேரத்தில் பையில் சேர்ந்தது? என் வயதும் உடல்நிலையும் சிறுநீரக வரம்பை உயர்த்தியிருக்குமா, தாழ்த்தியிருக்குமா? வரம்பைத் தாழ்த்தும் மாத்திரை எதையேனும் நான் எடுத்துவருகிறேனா? "இல்லை" என்றிருந்தால், சர்க்கரை அந்நேரத்தில் வரம்பைக் கடக்கவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. "உண்டு" என்றிருந்தால், இரத்தத்தைச் சோதித்த பின்னரே அதன் பொருள் விளங்கும். குளுக்கோமீட்டர் குறிப்பேட்டையும், நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும் அடுத்த வருகையின்போது உடன் கொண்டுவாருங்கள். அவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அந்த ஒற்றை வரி எங்களுக்கும் பயன்படும்.